பதினாலு பக்கம் போச்சு, ஒரு பக்கம் ஜெயிச்சது!

ஒரு பெரிய அதிகாரிக்கு இமெயில் அனுப்பிவிட்டு, பதில் வந்திருக்குமா என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை இன்பாக்ஸைத் திறந்து பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் ஆரம்பித்து 2023 மார்ச் வரைக்கும் பார்த்தேன். பதில் வரவேயில்லை. அப்போது அந்த அதிகாரியைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என் பக்கம் என்று புரிய ஒரு சித்தப்பா தேவைப்பட்டார்.

விஷயம் இதுதான். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சுசீந்திரம் பக்கம் தேரூர் குளம் இருக்கிறது. கவிமணி பிறந்த அதே தேரூர்தான். சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் சேர்ந்து 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தன. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல் அது. அக்டோபர் பிறந்தால் ஊசிவால் வாத்து போன்ற விருந்தாளிகள் வடக்கேயிருந்து இங்கே வந்து இறங்கும். அதே சீசனில் வண்டியை ஓரங்கட்டி, சாப்பிட்ட பொட்டலத்தைக் குளத்திலேயே வீசிவிட்டுப் போகிறவர்களும் வருவார்கள்.

நாங்கள் பன்னிரண்டு பேர், கல்லூரியில் பறவை பார்க்கிற கும்பல். கரையில் மூன்று பலகை வைக்கலாம், என்னென்ன பறவை வரும், இங்கே என்ன செய்யக்கூடாது என்று படத்தோடு போடலாம் என்று திட்டம் போட்டோம். சீனியர்கள் சேர்ந்து 18,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது அனுமதி மட்டும்தான்.

நான்தான் எழுதினேன். பதினாலு பக்கம்! முதல் பக்கத்தில் 1971-ல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் நடந்த மாநாடு. இரண்டாம் பக்கத்தில் நாஞ்சில் நாட்டுக் குளங்களின் பெருமை. அப்புறம் பறவைப் பட்டியல், எங்கள் குழுவின் வரலாறு, குரூப் போட்டோ. பலகை என்ற வார்த்தை முதன்முதலாக ஒன்பதாவது பக்கத்தில்தான் வந்தது. இமெயிலே ஒன்றரைப் பக்கம். இணைப்பின் பெயர் `final_new_2(1).docx`. எந்த உருப்படியான ஆள் அதைத் திறப்பார், சொல்லுங்கள்!

பறவைகள் வந்தன, பார்த்தோம், போய்விட்டன. மார்ச் 31 அன்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட சீனியர் ஒன்றுமே சொல்லவில்லை. ‘சரிடே’ என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த கோடை லீவில் என் சித்தப்பாவிடம் இதைப் புலம்பினேன். அவர் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ‘அந்தக் காகிதத்தக் கொண்டா பாப்போம்’ என்றார். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு பதினாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கடைசியில் ஒரே கேள்வி.

‘எல்லாம் படிச்சாச்சு மக்கா. இதுல நான் எங்கடே கையெழுத்து போடணும்?’

எனக்குப் பதில் இல்லை. சித்தப்பா விளக்கினார். நாம் நினைப்பது மாதிரி அந்த அதிகாரி ஏ.சி. அறையில் உட்கார்ந்து நம் மெயிலை ரசித்துப் படிப்பதில்லை. ஜீப்பில் போகும்போது செல்போனில் பார்ப்பார். பார்த்ததும் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சம்பந்தப்பட்ட பிரிவுக்கு ‘பரிசீலிக்கவும்’ என்று தள்ளிவிடுவது. அந்தப் பிரிவில் இருக்கிற உதவியாளர் அதைப் படித்து, கோப்பில் ஒரு குறிப்பு எழுதி, மேலே அனுப்புவார். அந்தக் குறிப்புக்குக் கீழேதான் கையெழுத்து விழும்.

‘பாத்தியா, உன் ஒரு பக்கத்த உண்மையிலேயே உபயோகிக்கப் போறவன் அந்த உதவியாளன். அவன் மேசையில ஏற்கெனவே முப்பது கோப்பு கிடக்கும். உன் பதினாலு பக்கத்த அவன் சுருக்கணுமா? எதுக்குச் சுருக்கணும்? அடியில போட்டுருவான். அவன் எழுதவேண்டிய குறிப்ப நீயே எழுதிக் குடுத்துட்டா, பாத்து எழுதிட்டு அனுப்பிருவான்.’

நண்பர்களே, இந்த ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. சுருக்கம் என்றால் பெரிய கட்டுரையைச் சின்னதாக்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது வேறு சமாச்சாரம். கையெழுத்துப் போடுகிறவருக்கு வரக்கூடிய கேள்விகள் என்னென்ன, எந்த வரிசையில் வரும் என்று யோசித்து, அந்த வரிசையில் பதில் எழுதுவதுதான் ஒரு பக்கம். என்ன கேட்கிறாய்? யார் நீ? எந்த இடம், யார் பொறுப்பில் இருக்கிறது? யார் காசு? நாளைக்கு அது கீழே விழுந்தால் யார் தலை உருளும்? எப்போதைக்குள் வேண்டும்? அவ்வளவுதான். ராம்சர் மாநாடு இதில் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அதனால் போயே போச்சு. ‘2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த தேரூர் குளம்’ என்று ஒரு அடைமொழியாக மட்டும் மிஞ்சியது. கவிமணி போனதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இது நம்மூர் ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர் நடுவில், 1940 ஆகஸ்ட் 9 அன்று சர்ச்சில் தன் ஆட்களுக்குக் கிட்டத்தட்ட இதையே ஒரு குறிப்பாக எழுதி அனுப்பினார். முக்கியமானதைச் சின்னச் சின்னப் பத்திகளில் சொல்லுங்கள், புள்ளிவிவரங்களைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள் என்று. அந்தக் குறிப்பே ஒரு பக்கம்தான்!

சரி, தேரூருக்கு வருவோம். புதுப் பக்கத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. முதலில் ‘தேரூர் குளத்தின் பறவைகளைப் பாதுகாக்கத் தங்கள் மேலான ஒத்துழைப்பை வேண்டுகிறோம்’ என்று எழுதினேன். சித்தப்பா சிரித்தார். ஒத்துழைப்புக்கு எங்கே கையெழுத்துப் போடுவது? கடைசியில் இப்படி வந்தது: ‘தேரூர் குளக்கரையில் 4 அடிக்கு 3 அடி அளவில் மூன்று தகவல் பலகைகளை எங்கள் செலவில் நட அனுமதி கோருகிறோம்.’ இதற்கு ‘சரி’ சொல்லலாம், ‘முடியாது’ என்றும் சொல்லலாம். இரண்டில் ஒன்றைச் சொல்லமுடிகிற வாக்கியமா என்பதுதான் பரீட்சை.

அடுத்த பத்தியில் பணம். ஒரு பலகை, இரும்புக் கால், அடியில் கான்கிரீட் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய், மூன்றுக்கு 18,000. முன்னாள் மாணவர்கள் மறுபடியும் தரச் சம்மதித்துவிட்டார்கள், அரசுக்குச் செலவில்லை. மூன்றாவது பத்தியில் இடம். கரையில் போய் நின்று போட்டோ எடுத்து, பலகை வரும் மூன்று இடங்களிலும் சிவப்பு வட்டம் போட்டு, அந்த ஒரே படத்தைப் பக்கத்தில் சேர்த்தோம். நான்காவது பத்திதான் சண்டை. பலகை துருப்பிடித்தால், சாய்ந்தால் என்ன என்ற கேள்வியை நாமே எதற்குக் கிளப்பிவிட வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் உதவியாளருக்கு அந்தச் சந்தேகம் வராமலா போகும்? பதில் பக்கத்தில் இல்லையென்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் ‘மூன்று ஆண்டுகளுக்கு நாங்களே பராமரிப்போம், துறை எப்போது சொன்னாலும் எங்கள் செலவில் அகற்றுவோம்’ என்று எழுதி, பொறுப்பான பேராசிரியரின் கையெழுத்தையும் வாங்கினோம்.

எழுதி முடித்ததும் என் தங்கச்சியிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷம் படிக்கவிட்டு, தாளைப் பிடுங்கிக்கொண்டு, ‘என்ன கேட்டிருக்கு? எவ்வளவு செலவு? எப்பக்குள்ள?’ என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் டாண் டாண் என்று பதில். மூன்றாவதுக்கு, ‘தேதி ஒண்ணும் இல்லியேண்ணே!’ என்றாள். இருந்தது, கடைசிப் பத்தியின் நடுவில் ஒளிந்துகொண்டு. அதை முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தேன். உங்களுக்கும் ஒரு தங்கச்சி வேண்டும். விஷயம் தெரிந்த நண்பன் இதற்கு லாயக்கில்லை. தாளில் இல்லாததையும் அவன் மனசிலேயே நிரப்பிக்கொள்வான்.

மெயில் இவ்வளவுதான்:

பொருள்: தேரூர் குளக்கரையில் 3 தகவல் பலகைகள் – செப்டம்பர் 15-க்குள் அனுமதி வேண்டி

மதிப்பிற்குரிய அம்மா,
நாங்கள் நாகர்கோவில் கல்லூரி மாணவர்கள் 12 பேர். தேரூர் குளக்கரையில் எங்கள் செலவில் மூன்று பறவைத் தகவல் பலகைகள் நட உங்கள் அனுமதி வேண்டும். அரசுக்குச் செலவில்லை. வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கும் என்பதால் செப்டம்பர் 15-க்குள் அனுமதி கிடைத்தால் உதவியாக இருக்கும். இடம், செலவு, பராமரிப்பு விவரங்கள் இணைப்பில் ஒரே பக்கத்தில் உள்ளன.

கீழே பெயர், போன் நம்பர். இணைப்பைத் திறக்காமலே விஷயம் புரிய வேண்டும் என்பதால்தான் கோரிக்கை மெயிலிலும் ஒருமுறை வருகிறது. இணைப்பின் பெயர் `Theroor_Boards_1page.pdf`. பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள். பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த வேர்டு ஃபைலை, அந்த ஃபான்ட் இல்லாத செல்போனில் திறந்தால் என்ன தெரியும் தெரியுமா? வெறும் ஆங்கில எழுத்துகளும் கிறுக்கலும்! என் பதினாலு பக்கமும் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. அனுப்புவதற்கு முன்னால் இன்னொருவர் போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

2023 ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை அனுப்பினேன். பதினோராவது நாள் போன் வந்தது. அதிகாரி இல்லை, உதவியாளர்! ‘தம்பி, உங்க படத்துல மூணாவது வட்டம் மடைப் பக்கத்துல வருதே, அங்க ஆள் எறங்கி ஷட்டர் தூக்கணும்லா?’ அதை நாங்கள் யோசிக்கவேயில்லை. ஒரு பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தப்பான இடம் சரியான இடம் ஆகிவிடாது. மூன்றாவதை விட்டுவிடுகிறோம் என்று உடனே சொன்னேன். இரண்டு பலகைக்கு அனுமதி செப்டம்பர் 12 அன்று வந்தது. மிச்சம் 6,000 ரூபாயை சீனியரிடம் திருப்பிக் கொடுத்தபோது இந்தத் தடவை அவர் சிரித்தார்.

அனுமதிக் கடிதத்தை சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர் இரண்டாவது பத்தியில் நின்று பென்சிலை எடுத்தார். எங்கள் பக்கத்தில் இருந்த பராமரிப்புப் பத்தி, ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே அங்கே இருந்தது. ‘குளக்கரை’ என்று எழுத வேண்டிய இடத்தில் நான் அவசரத்தில் ‘குளக்கறை’ என்று அடித்திருந்தேன். அதுவும் கோபுர முத்திரையோடு அப்படியே இருந்தது.