முப்பதும் இருபதும்

ரொம்ப நாளாக எழுதவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

விழுப்புரத்தில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வருஷம் மார்ச்சில் திண்டிவனம் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் பேட்ச் ஆட்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தால் கமெண்டில் போடாதீர்கள். அவன் மகள் சென்னைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.இ. எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். "சார், பொண்ணை ஸ்வீடனுக்கு ஒரு செமஸ்டர் அனுப்பறாங்களாம். ஃபீஸ் இல்லையாம். நம்பலாமா சார்?" என்றான். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

நான் கணக்கு வாத்தியார். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் ஃபைலைத் திறந்தால் முழுக்கக் கணக்கு. அதனால் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்து மாதத்தில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டில் இப்போது காலேஜ் பிள்ளைகள்.

முதலில் ஃபீஸ். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களிடம் ஸ்வீடன் 2011 முதல் கல்விக் கட்டணம் வாங்குகிறது. ஆனால் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டு மாணவர்களை மாற்றிக்கொண்டால், வருகிற மாணவர் அங்கே கட்ட வேண்டாம், தன் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும். நம்ம ஊர் மொய் மாதிரிதான். நீ இரண்டு பேர் அனுப்பு, நான் இரண்டு பேர் அனுப்புகிறேன். அவர்கள் பக்கத்திலிருந்து யாரும் இங்கே வராமல் நம் பிள்ளைகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தால், மொய் ஒருபக்கமாகி, இடம் குறைந்துவிடும். ஆகவே "ஃபீஸ் இல்லை" என்பது பாதி உண்மை. இங்கே ஐந்தாவது செமஸ்டர் கட்டணத்தை முழுசாகக் கட்டினான். அதில் விடுதி, மெஸ் பணத்தையும் சேர்த்து ஆபீசில் சலான் போட்டுவிட்டார்கள். பிள்ளை இங்கே இல்லாதபோது மெஸ்ஸுக்கு எதற்குப் பணம்? ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அதைக் கழித்தோம். எழுதிக் கொடுக்காதவர்களுக்குக் கழியாது.

பெரிய செலவு வேறு இடத்தில். குடியிருப்பு அனுமதிக்கு, அங்கே இருக்கப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் பத்தாயிரம் குரோனருக்குக் கொஞ்சம் மேல் கையிருப்பு காட்ட வேண்டும். குரோனர் சுமார் ஒன்பது ரூபாய் என்று வைத்தால் ஐந்து மாதத்துக்கு நாலே முக்கால் லட்சத்துக்கு மேல். அது அப்பா கணக்கில் இருந்தால் செல்லாது, மாணவர் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும். இவன் கடைக் கணக்கில் வைத்துக்கொண்டு "இருக்கே சார்" என்றான். மகள் பெயரில் மாற்றிய பிறகுதான் விண்ணப்பம் போட்டோம்.

அடுத்தது நாமினேஷன். நாமே நேராக விண்ணப்பிக்க முடியாது. நம் பல்கலைக்கழகம் முதலில் பெயரை அனுப்ப வேண்டும், பிறகு அவர்கள் மாணவருக்கு மெயில் போட்டு விண்ணப்பம் கேட்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் செமஸ்டருக்கு மார்ச், ஏப்ரலிலேயே பெயர் போய்விட வேண்டும். நாமினேஷன் ஆகிவிட்டது என்று தெருவில் மிட்டாய் கொடுத்துவிட்டான். அது அட்மிஷன் இல்லை, பெண் பார்க்க வந்த மாதிரிதான் என்றேன். அட்மிஷன் கடிதம் வர மேலும் பல வாரம் ஆனது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கிரெடிட்.

அவள் இங்கே இருந்திருந்தால் ஐந்தாவது செமஸ்டரில் எழுத வேண்டியது 20 கிரெடிட். கட்டாயப் பாடம் மூன்று, தலா 4, ஆக 12. விருப்பப் பாடம் இரண்டு, தலா 3, ஆக 6. லேப் ஒன்று, 2. ஸ்வீடனிலோ ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், பாடத்துக்கு 7.5 வீதம் நான்கே பாடம். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் மாணவர்களை மாற்றிக்கொள்வதற்காக ஏற்படுத்திக்கொண்ட அளவு அது, வருஷத்துக்கு 60.

துறைத் தலைவர் சொன்ன முறை, பாடத்துக்குப் பாடம். அங்கே நான்கு பாடம் படித்தால் இங்கே நான்கு பாடம் கழியும். மூன்று கட்டாயப் பாடம் 12, ஒரு விருப்பப் பாடம் 3, மொத்தம் 15. மீதி 5 கிரெடிட்டுக்கு வந்து பரீட்சை எழுத வேண்டும், அதாவது ஒரு விருப்பப் பாடமும் லேப்பும். அங்கே முழு செமஸ்டர் படித்துவிட்டு இங்கே கால் செமஸ்டர் கடன்! அவள் போனில் அழுதாள். போகவே வேண்டாம் என்றான் அப்பன்.

நான் அவளிடம் கேட்டேன்: "பாப்பா, 7.5 கிரெடிட்னா எத்தனை மணி நேரம்?" தேடிப் பார்த்துச் சொன்னாள். அங்கே முழுநேரப் படிப்பில் வாரத்துக்கு 40 மணி நேரம், 1.5 கிரெடிட். அப்படியானால் 7.5 என்பது ஐந்து வார முழு உழைப்பு, 200 மணி நேரம். இங்கே தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், வருஷத்துக்கு 40 கிரெடிட். மணிக்கணக்கில் பார்த்தால் அந்த ஒரு பாடம் இங்கே ஆறரைக்கும் மேல். அவ்வளவு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஆனால் செமஸ்டருக்குச் செமஸ்டர் வைத்தால் 30-க்கு 20, அதாவது 7.5-க்கு 5. இது சலுகை இல்லை, நாம்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். இதை ஒரே பக்கத்தில் எழுதி, துறைத் தலைவரிடம் நேரில் காட்டச் சொன்னேன்.

நல்ல மனிதர். கணக்கை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை: கட்டாயப் பாடத்துக்குப் பதில் வருவது பாடத்திட்டத்தில் எழுபது சதவீதமாவது பொருந்த வேண்டும். அதுவும் நியாயம். நாளைக்கு அடுத்த செமஸ்டர் வாத்தியார் "இது தெரியாதா?" என்று கேட்கக் கூடாதே. கண்ட்ரோல் சிஸ்டம், சிக்னல் ப்ராசஸிங், கம்யூனிகேஷன் மூன்றும் பொருந்தின. நான்காவது, அங்கே உள்ள வேறொரு பாடம். பிரித்தோம்: முதல் மூன்று பாடத்திலும் 5-இல் 4 கட்டாயப் பாடத்துக்கு, ஆக 12. கண்ட்ரோலிலும் சிக்னலிலும் மிஞ்சிய ஒவ்வொன்று சேர்ந்து 2, அது லேப்புக்கு. அந்த இரண்டு பாடத்திலும் லேப் உண்டு என்று பாடத்திட்டத்தின் நகலை இணைத்தோம், இல்லாவிட்டால் லேப் கிடைத்திருக்காது. கம்யூனிகேஷனில் மிஞ்சிய 1, நான்காவது பாடத்தின் 5, ஆக 6, இரண்டு விருப்பப் பாடத்துக்கு. 12, 2, 6. கூட்டினால் 20. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கணக்கு இப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஏறுகிற தாளுக்குப் பெயர் லேர்னிங் அக்ரிமெண்ட். ஒரு பட்டியலில் அங்கே படிப்பவை, இன்னொரு பட்டியலில் இங்கே கழிபவை. மாணவர், இந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம், மூன்று கையெழுத்து. விமானம் ஏறுமுன் மூன்றும் இருக்க வேண்டும். கூடவே மதிப்பெண் மாற்றும் அட்டவணை ஒன்றையும் வாங்கச் சொன்னேன். அங்கே பொறியியலில் 3, 4, 5 என்றுதான் கொடுப்பார்கள், 5 உயர்வு. இங்கே பத்துக்கு எவ்வளவு என்று பார்த்துப் பழகிய ஆபீசில் 4 என்று பார்த்தால் ஃபெயில் என்று போட்டுவிட்டால்?

போனாள். குளிர், தனிமை, சாம்பார்ப் பொடி தீர்ந்தது எல்லாம் அவள் எழுதட்டும். அங்கே செமஸ்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு பாடம் நடத்துகிறார்கள். இரண்டாம் பாதி தொடங்கும்போது கம்யூனிகேஷனும் நான்காவது பாடமும் ஒரே நேரத்தில் வகுப்பு! கம்யூனிகேஷனை விட்டுவிட்டு வயர்லெஸ் நெட்வொர்க் என்ற பாடத்தை எடுத்தாள். அங்கே உள்ள ஒருங்கிணைப்பாளர் சரி என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாள். மாறினால் மாற்றப் படிவம் என்று தனியாக ஒன்று, அதிலும் மூன்று கையெழுத்து வேண்டும். அப்பனிடம் பேச்சுவாக்கில் சொல்ல, அவன் எனக்குப் போன் செய்ய, அன்றைக்கு ராத்திரியே மெயில் போடச் சொன்னேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: வயர்லெஸ் நெட்வொர்க் கட்டாயப் பாடத்துக்குப் பொருந்தாது, விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கலாம்.

கணக்கு மாறிவிட்டது. கட்டாயப் பாடம் 8 கழிந்தது, லேப் 2 கழிந்தது. மிச்சம் 10, விருப்பப் பாடத்துக்குத் தேவை 6. நான்கு கிரெடிட் உபரி, நான்கு கிரெடிட் பாக்கி. கையில் காசு இருந்தும் கடன். அப்போதுதான் கேட்டுப் பார்த்தோம், அந்த உபரியில் ஆறாவது செமஸ்டர் விருப்பப் பாடம் ஒன்றைக் கழிக்க முடியுமா என்று. ஒப்புக்கொண்டார்கள். காலியான அந்த இடத்தில் கம்யூனிகேஷனை எழுதலாம். ஆறாவது செமஸ்டரில் அதற்கு வகுப்பு கிடையாது, ஒரு ஆசிரியர் மேற்பார்வையில் தானே படிக்க வேண்டும். ஒன்பது நாள் தாமதிக்காமல் ஒன்பது வாரம் தாமதித்திருந்தால், பாடம் முடிந்தே போயிருக்கும், இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு இடி. அங்கே கடைசிப் பரீட்சை ஜனவரி நடுவில், இங்கே ஆறாவது செமஸ்டர் ஜனவரி தொடக்கத்தில். அட்டெண்டன்ஸ் 75 சதவீதக் கணக்கில் இரண்டு வாரம் அடிபடும். புறப்படும் முன்பே ஓ.டி. கடிதம் வாங்கி வைத்திருந்தாள், பிழைத்தாள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே குளிர்கால வகுப்பே அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், இங்கே ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும்.

மே மாதம் கம்யூனிகேஷன் எழுதினாள், பாஸ். ஸ்வீடன் மார்க் பட்டியலில் இரண்டு 4, ஒரு 5, ஒரு 3. ஆபீசில் அந்த 4-ஐப் பார்த்து ஒருவர் "என்னம்மா இது?" என்று கேட்டாராம். அட்டவணையை நீட்டினாளாம்.

காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் போடுவது பல்கலைக்கழகம். கல்லூரியில் தெரியாது என்றால் அதோடு விடாதீர்கள், கிண்டியில் கேளுங்கள். கேட்க வேண்டியது, எந்த நாடு என்று இல்லை, 30-க்கு எத்தனை தருவீர்கள் என்று.

ஃபைலோடு வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பாடத்திட்டத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துவந்தால் உபகாரம்.