பச்சைத் திரையின் முன்னே

கல்லூரித் திட்டப்பணிக்காக, மெரினாக் கடற்கரையைக் காலை 7 மணிக்கு வடக்கு நோக்கிப் படமெடுத்து வந்தோம். தோழி அங்கே நிற்பதாகக் காட்டவேண்டும். அவள் நின்றதோ வகுப்பறையில்!

பச்சைத் துணியை இஸ்திரி போட்டு விறைப்பாகக் கட்டினோம். சுருக்கத்தின் நிழல் கரும்பச்சைக் கோடாக விழுந்தால், கணினி அதை நீக்காமல் விட்டுவிடும். துணிக்கு இருபுறமும் விளக்கு வைத்து, ஒளியைச் சீராக்கினோம். தோழியை 6 அடி முன்னே நிறுத்தினோம். நெருங்கி நின்றால் துணியின் பச்சை அவள் கூந்தலிலும் தோளிலும் படியும். துணியை நீக்கும்போது கூந்தலோரமும் அரிபட்டுப் போகும். பச்சைக்கரைத் தாவணிக்கும் விடை கொடுத்தோம். இல்லையேல் கரை இருக்குமிடத்தில் கடல் தெரியுமே!

அடுத்தது வெயில். எங்கள் கடற்கரைப் படத்தில் கடலும் சூரியனும் வலப்பக்கம். ஆகவே அவளுக்கென ஓர் இளமஞ்சள் விளக்கைத் தனியே வலப்பக்கம், தலைக்குச் சற்றே மேலாக வைத்தோம். இடக்கன்னம் இருண்டது. கடற்கரையில் வானமும் மணலும் ஒளியைத் திருப்பித் தரும். அறையில் அது ஏது? இடப்புறம் வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்தோம். கன்னத்தின் நிழல், மணலிலிருந்த படகின் நிழலளவுக்கு இளகும்வரை பலகையை நகர்த்தினோம்.

பாதங்களை மட்டும் காட்டவில்லை. மணலில் விழவேண்டிய நிழலுக்கு எங்கே போவது? இடுப்பளவோடு படத்தை நிறுத்திக்கொண்டோம்.