புள்ளிக்கோட்டில் எழுதும் பெயர்

கலியாணக் கார்ட் ஒன்று வீட்டுக்கு வந்தால் எங்கட அம்மம்மா முதலில் பார்ப்பது அதில் தன்ர பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான். திகதி, மண்டபம், சாப்பாடு மத்தியானமோ இரவோ என்பதெல்லாம் பிறகு. பெயர் சரியாக இல்லாவிட்டால் கார்ட்டைத் திருப்பி உறைக்குள் வைத்துவிட்டு, "ஆரோ சொல்லச் சொல்லி எழுதியிருக்கினம்" என்பா. அந்த வீட்டுக் கலியாணத்துக்கு அம்மம்மா போகமாட்டா என்று எங்களுக்கு அப்பவே விளங்கிவிடும்.

இந்த வருடம் தை மாதம் அக்காவின் கலியாணம் நடந்தது. 320 கார்ட்கள். வாசகம் பார்க்கிற வேலையும் பெயர் எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தன. "நீதானே ஆட்ஸ் படிக்கிறாய்" என்பதுதான் அப்பா சொன்ன ஒரே காரணம். நாலு பின்னேரம் குந்தியிருந்து எழுதியதில் தெரிந்துகொண்ட சிலதை இங்கே எழுதி வைக்கிறேன். இனி உங்கட வீட்டிலும் யாரோ ஒருவரின் தலையில் இந்த வேலை விழும்.

அச்சகத்தில் எங்களுக்குக் காட்டிய மாதிரி எல்லாரும் கண்டதுதான். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே "அன்புடையீர்". பிறகு "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி தமிழ் வருடம், மாதம், நாள், அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் திகதி, கிழமை, சுபமுகூர்த்த நேரம். இந்த நீளமான வசனத்தை யாரும் முழுதாக வாசிப்பதில்லை, அதனால்தான் பிழையும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். எங்களுக்கு வந்த முதல் பிரதியில் "பராபவ வருடம்" என்று இருந்தது. 2026 என்பதைப் பார்த்ததும் கடைக்காரத் தம்பி அடுத்த வருடப் பெயரைப் போட்டுவிட்டார். தமிழ் வருடம் பிறப்பது சித்திரையில். 2025 ஏப்ரலில் பிறந்த விசுவாவசுதான் 2026 ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் ஓடும். ஆகவே தை, மாசி, பங்குனியில் கலியாணம் வைப்பவர்கள் இந்த ஒரு சொல்லைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தமிழ்த் திகதியையும் ஆங்கிலத் திகதியையும் கிழமையையும் உங்கட வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும், மூன்றும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும்.

அடுத்த வரியில் "எமது சிரேஷ்ட புத்திரி" என்று இருந்தது. அக்கா வாசித்துவிட்டு, "நான் என்ன சிரேஷ்ட விரிவுரையாளரோ?" என்றா. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அது "எங்கள் மூத்த மகள்" ஆனது.

"அன்புடையீர்" என்ற சொல்லில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. அதன் முடிவில் இருக்கும் "ஈர்" முன்னிலைப் பன்மை விகுதி. ஒருவரை மரியாதையாகக் கூப்பிடவும் அது பொருந்தும், ஒரு முழுக் குடும்பத்தைக் கூப்பிடவும் பொருந்தும். ஆண், பெண், எண்பது வயது, இருபது வயது என்ற பேதம் அதற்கு இல்லை. 320 கார்ட்டுக்கும் ஒரே சொல்லை அச்சடிக்க முடிவது இதனால்தான். எல்லாருக்கும் பொருந்துவதால் அது ஒருவருக்கென்று சொன்னதாகவும் ஆகாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அதற்கு மேலே ஒரு புள்ளிக்கோடு விட்டிருக்கிறது.

மாதிரிக் கார்ட்டில் அந்தக் கோட்டின் முன்னால் "திரு/திருமதி/செல்வன்/செல்வி" என்று அச்சடித்திருந்தது. தேவையில்லாததைப் பேனையால் வெட்டிவிட வேண்டுமாம். வங்கிப் படிவத்துக்கு அது சரி. ஆனால் ஒரு விதவைக்குக் கார்ட் எழுதும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. "திருமதி"யை மட்டும் விட்டு, அதற்கு முன்னால் இருக்கிற "திரு"வை நாங்களே கோடு போட்டு வெட்ட வேண்டும். கலியாணக் கார்ட்டில் அப்படி ஒரு வெட்டு! அம்மா அதைப் பார்த்த உடனே, "இதை எடுத்துப்போட்டு வெறும் கோடு விடச் சொல்லு" என்றா. அச்சகத்தில் அதற்கு ஒரு சதமும் கூடக் கேட்கவில்லை.

"குடும்ப சமேதராய் வருகை தந்து" என்ற சொற்களையும் அதே நேரத்தில் மாற்றினோம். அச்சில் "தாங்கள் வருகை தந்து" என்று மட்டும் விட்டோம். மண்டபத்தில் 500 பேருக்குத்தான் இடம். அப்பாவோடு வேலை செய்கிறவர்களில் சிலரைத் தனியாகத்தான் கூப்பிடலாம், சொந்தக்காரரைக் குடும்பத்தோடு கூப்பிட வேண்டும். "குடும்ப சமேதராய்" என்று அச்சடித்துவிட்டால் பிறகு ஒருவருக்கும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆகவே "குடும்பத்தினர்" என்பதைத் தேவையான இடத்தில் கையால் எழுதினோம். ஒரு சிஆர் கொப்பியில் மூன்று நிரல் கீறினேன். வீட்டில் கூப்பிடுகிற முறை, கார்ட்டில் எழுதும் பெயர், எத்தனை பேர். முதல் நிரல் அரை மணித்தியாலத்தில் நிரம்பிவிட்டது. இரண்டாவதில்தான் நின்றுபோனோம்.

எங்கட ஆக்களை நாங்கள் முறை சொல்லித்தான் அறிவோம். பெரியம்மா, சின்னம்மா, குஞ்சியம்மா, ஆசையம்மா என்று. ஆசையம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. இவ்வளவு காலமும் அவவுக்குப் போன கார்ட் எல்லாம் ஆசையப்பாவின் பெயருக்குத்தான் போயிருக்கிறது. "திரு. திருமதி" என்று எழுதி அவரின் பெயரை எழுதினால் முடிந்தது. ஆசையப்பா போய் இரண்டு வருடம். இப்போது அவவுக்கென்று ஒரு பெயர் தேவைப்பட்டபோது அது யாரிடமும் இல்லை. கடைசியில் அவவின் மகன் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். நல்ல வடிவான பெயர். "திருமதி" போட்டு அந்தப் பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் "பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்" என்று சேர்த்தேன். கார்ட் கொடுக்கப் போனபோது ஆசையம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "என்ர பேரை ஆர் உனக்குச் சொன்னது?" என்றா.

சின்ன மாமியின் கார்ட் அதைவிடக் கஷ்டம். மாமா 2009 மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. மாமி வீட்டில் அவரின் படத்துக்கு மாலை போடுவதில்லை. "திரு. திருமதி" என்று எழுதினால் அவர் வீட்டில் இருப்பதுபோல் ஆகிவிடும். "திருமதி" என்று மாமியின் பெயரை மட்டும் எழுதினால், ஆசையம்மாவின் கார்ட்டில் நாங்கள் எதைச் சொன்னோமோ அதையே மாமிக்கும் சொன்னதாகிவிடும். அதைச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கு? அந்தப் பக்கத்தை ஒரு நாள் முழுக்க வெறுமையாக விட்டேன். பிறகு மச்சாளுக்குப் போன் எடுத்து நேரடியாகவே கேட்டேன். அவ சொன்னது இதுதான்: "எங்களுக்கு வாற கார்ட்டுகளில அப்பான்ர பேர் இல்லாமல் போய்க் கனகாலம். ஒருத்தரும் எங்களைக் கேட்டிட்டு எடுக்கேல்லை."

அதற்குப் பிறகு எழுத வழி தெரிந்தது. மாமாவின் பெயருக்கு முன்னால் "திரு." போட்டு, பின்னால் "குடும்பத்தினர்" என்று எழுதினேன். அந்தச் சொல் அவர் வந்திருக்கிறார் என்று சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. இது அவருடைய குடும்பம் என்று மட்டும் சொல்லும். அது உண்மை. மாமி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. கலியாணத்துக்கு விடியவே வந்திட்டா.

எல்லா வீட்டுக்கும் இதே முறை சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு ஒரு வீட்டில் அந்தப் பெயரைப் பார்ப்பதே தாங்க முடியாததாக இருக்கலாம். கார்ட்டை எழுத முன்னம் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் கேட்டுவிடுவதுதான் வழி.

எழுதியது பாதி, சொல்லுவது பாதி. எங்கட பக்கத்தில் கார்ட் கொடுப்பதைக் "கலியாணத்துக்குச் சொல்லுறது" என்றுதான் சொல்வோம். முதல் கார்ட் பிள்ளையார் கோயிலுக்குப் போனது, அடுத்தது தாய்மாமன் வீட்டுக்கு. அங்கே அம்மா "வாங்கோ" என்ற சொல்லையே பாவிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் வந்து நிண்டு நடத்தித் தரவேணும்" என்றா. பக்கத்து ஒழுங்கையில் உள்ளவர்களிடம் "கட்டாயம் எல்லாரும் வாங்கோ" என்றா. முதலாவது சபையில் பொறுப்பு ஏற்பவரிடம் சொல்வது, இரண்டாவது விருந்தாளியிடம் சொல்வது. இடம் மாறிச் சொன்னால் மாமா கோவிப்பார், அயலவர் பயந்துவிடுவார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வட்ஸ்அப்பில்தான் அனுப்பினோம். கார்ட்டின் படத்தை ஒரே தடவையில் எல்லாருக்கும் தட்டிவிடலாம் என்று அண்ணா சொன்னார். அம்மா விடவில்லை. படம் ஒன்றுதான், ஆனால் அதற்கு மேலே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத வைத்தா. கனடாவில் இருக்கிற பெரியப்பாவுக்கு நான் எழுதியது: "பெரியப்பா, பெரியம்மா, அக்கான்ர ஏடு தொடக்கினது நீங்கள்தானாம். கலியாணத்துக்கும் உங்கட ஆசீர்வாதம் வேணும்." அவரால் வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் "கட்டாயம் வாங்கோ" என்று எழுதாமல் ஆசீர்வாதம் கேட்டேன். அந்த வரியை அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் அனுப்ப முடியாது. தனிப்பட எழுதிய வரியா, பொதுவாக எழுதியதா என்று பார்க்க நான் வைத்திருந்த சோதனையும் அதுதான். பெயரை மாற்றிவிட்டு இன்னொருவருக்கு அனுப்பலாம் என்றால் அந்த வரியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

320 பேருக்கும் அப்படி எழுத முடியாது. அப்பாவின் அலுவலக நண்பர்களுக்குப் பெயரும் பதவியும் பிழையில்லாமல் இருந்தால் போதும், அவர்கள் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் இல்லை. எங்கட கொப்பியில் நின்று யோசிக்க வேண்டி வந்தவை முப்பது பெயர் வரும். அந்த முப்பதையும் முதல் நாளே பிரித்தெடுத்து எழுதிவிடுங்கோ. கை உளைந்து, கண் சொருகிற நாலாவது பின்னேரத்துக்கு அவற்றை விட்டுவைக்க வேண்டாம்.