நோட்டுப் புத்தகத்தில் இருந்த பட்சி

எங்கள் தென்னேரியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்த பிள்ளைகள் பலர், போவதற்கு முன் என் வீட்டுத் திண்ணைக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போவார்கள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த நல்ல வேலை இது. அவர்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தின் நகலை வாங்கி, நான் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல. 'பொழுதுபோக்குகள், ஆர்வங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதைத்தான் பார்ப்பேன். புத்தகம் படித்தல், இசை கேட்டல், பயணம் செய்தல். பத்துப் படிவங்களில் எட்டில் இந்த மூன்றும் இதே வரிசையில் இருக்கும்.

அதைப் பார்த்ததும் என் இருபத்து நாலாம் வயது நினைவுக்கு வரும். ஒரு வேலைக்கான நேர்காணலில் நானும் 'புத்தகம் படித்தல்' என்று எழுதியிருந்தேன். நடுவில் இருந்த பெரியவர், "கடைசியாகப் படித்தது என்ன?" என்று கேட்டார். கல்லூரியில் பாடமாக வைத்திருந்த ஒரு நாவலின் பெயரைச் சொன்னேன். "அதில் உங்களுக்கு ஒத்துக்கொள்ள முடியாத இடம் எது?" என்றார். வாய் அடைத்துப்போனது. அதற்குப் பிறகு என் பாடத்திலிருந்து கேட்ட எளிய கேள்விகளுக்குக்கூடக் குரல் நடுங்கியது. வேலை கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர் என்னை மடக்கப் பார்க்கவில்லை, பேசுவதற்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் குடிமைப் பணித் தேர்வுக்கு வெளியிடும் அறிவிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு உரியவை. நேர்காணல் என்பது குறுக்கு விசாரணை அல்ல, நோக்கத்தோடு நடக்கும் இயல்பான உரையாடல் என்கிறது அந்த அறிவிக்கை. அதில் எடைபோடும் குணங்களின் பட்டியலில் ஆர்வங்களின் விரிவும் ஆழமும் வருகிறது. சிந்தனையிலும் ஒழுக்கத்திலும் நேர்மை என்பதும் வருகிறது. பொழுதுபோக்குக் கட்டத்தில் இல்லாத ஒன்றை எழுதினால் இந்த இரண்டிலும் ஒரே நேரத்தில் அடி விழும். ஆழம் இல்லை என்பது முதல் கேள்வியில் தெரியும். நேர்மை இல்லை என்பது இரண்டாவது கேள்வியில் தெரியும்.

படிப்பு பெற்றோர் சொல்லிச் செய்தது. வேலை சம்பளத்துக்காகச் செய்வது. யாரும் சொல்லாமல், காசும் வராமல் ஒருவர் ஒன்றைச் செய்துகொண்டே இருந்தால், அதை அவர் செய்யும் விதத்தில் குணம் தெரிந்துவிடும். தேர்வாளர்கள் தேடுவது அதைத்தான்.

சென்ற ஆண்டு ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன் வந்தான். வங்கி வேலைக்கு நேர்காணல். அவனுடைய படிவத்திலும் அதே மூன்று. "இந்த மாதம் என்ன படிச்சே?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்னதான் பண்ணுவே?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "பழைய புடவைக் கரையைக் கட்டம் போட்ட நோட்டுல வரைவேன் தாத்தா. அதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?" என்றான்.

நோட்டை எடுத்துவரச் சொன்னேன். பழைய ஜரிகைப் புடவைகளை வெள்ளிக்காக வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். வாங்கியதை எரித்து வெள்ளியைப் பிரித்துவிடுவார்கள். அப்படிப் போவதற்கு முன், அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி, கரையில் உள்ள வடிவத்தை ஓர் இழைக்கு ஒரு கட்டம் என்று எண்ணி எண்ணி வரைந்திருந்தான். ருத்ராட்சம், மயில்கண், மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு என்று மொத்தம் முப்பத்தேழு. ஒவ்வொன்றின் கீழும் தேதியும் கரையின் அகலமும் இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் இருதலைப்பட்சியைப் பெரிதாக அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் மறுபடி வரைந்திருந்தான்.

"இது ஏன் அடிச்சிருக்கே?" என்றேன். அதுவரை முணுமுணுத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "முதல்ல இழையை எண்ணாம, பார்வைக்கு எப்படி இருக்கோ அப்படியே வரைஞ்சேன் தாத்தா. நோட்டுல கட்டம் சதுரம். ஆனா துணியில ஓர் அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனையோ, ஊடை அத்தனை இருக்காது. நான் வரைஞ்சபடி இழைக்கு இழை நெய்தா பட்சி உருமாறிப் போயிடும். எதிர்வீட்டுப் பெரியப்பா பார்த்துட்டு, ரெண்டையும் தனித்தனியா எண்ணுன்னு சொன்னார். பூதக்கண்ணாடி வெச்சு எண்ணி மறுபடி போட்டேன்."

இந்த ஐந்தாறு வாக்கியத்தில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். எண்ணுவதில் பொறுமை, தவறை மறைக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கும் நேர்மை, தெரிந்தவரிடம் போய்க் கேட்கும் பணிவு, கேட்டபடி திருத்துகிற உழைப்பு. கணக்குப் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுப்பவர் வேறு என்ன கேட்பார்? 'நான் பொறுமைசாலி' என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

படிவம் ஏற்கெனவே போய்விட்டது. அதை மாற்ற முடியாது. ஆனால் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். முதல் வாக்கியத்தில் என்ன செய்கிறேன், எத்தனை காலமாக என்பது. இரண்டாவதில் அதைச் செய்யும் முறை. மூன்றாவதில் தவறிய இடமும் திருத்திய விதமும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முக்கால் நிமிடம் போதும். முப்பத்தேழு வடிவத்தையும் ஒப்பிக்கத் தொடங்கினால் எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நிறுத்தினால்தான் அவர் அடுத்த கேள்வி கேட்பார்; அந்தக் கேள்வி நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து வரும்.

அவன் முதலில் சொல்லிப்பார்த்தபோது கடைசியில், "இதனால் எனக்கு நிர்வாகத் திறமை வளர்ந்தது" என்று ஒட்டவைத்தான். அதை எடுக்கச் சொன்னேன். பலனை நாமே சொன்னால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும். கேட்கிறவர் தானாகக் கண்டுகொள்வதைத்தான் நம்புவார். "படிவத்துல இதை ஏன் எழுதலைன்னு கேட்டா?" என்று பயந்தான். "இது பொழுதுபோக்கில் சேருமான்னு தெரியலை, எல்லாரும் எழுதுறதை எழுதிட்டேன்னு உள்ளதைச் சொல்லு" என்றேன். ஜரிகை விலை, ஏற்றுமதி என்று தெரியாததைக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். வரைகிறவனுக்கு வியாபாரம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இனிப் படிவம் நிரப்பப்போகிற பிள்ளைகளுக்கு நான் ஒரு சோதனை சொல்கிறேன். எழுத நினைப்பதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டுப்பாருங்கள்: கடைசியாக எப்போது செய்தேன், எங்கே தவறினேன், யாரிடம் கற்றேன். இரண்டாவது கேள்வியிலேயே பதில் வற்றினால் அதை எழுத வேண்டாம். இசை கேட்பது உண்மையென்றால் 'இசை' என்று விடாமல், யாருடைய பாட்டை, எதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று குறுக்கி எழுதுங்கள். சமையலும் எழுதலாம், ஏரிக்கரைப் பறவைகளைக் கவனிப்பதும் எழுதலாம். செய்ததன் தடயம் இருந்தால் போதும்.

பையன் நேர்காணல் முடித்து நேராகத் திண்ணைக்குத்தான் வந்தான். "புடவையை உருக்கிட்டா அந்தக் கரை எங்கே போகும்னு கேட்டாங்க தாத்தா" என்றான்.

"நீ என்ன சொன்னே?"

"முப்பத்தேழு மட்டும் என் நோட்டுல இருக்கு, மத்தது போயிடும்னு சொன்னேன்."