படகில் போன மின்மினிகள்

எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் வாயில் மட்டும் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அங்கே இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாலையில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வாக்கியம் திருத்தும் பாடத்தைச் சிரிப்பில்தான் தொடங்குவேன்.

"அழுகிய மாமாவின் வாழைப்பழங்களை அம்மா வீசினார்" என்று பலகையில் எழுதியதும் வகுப்பே குலுங்கும். 'அழுகிய' என்ற பெயரெச்சம் கிட்டே இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. "எது அழுகியது?" என்று கேட்டால் போதும், "மாமாவின் அழுகிய வாழைப்பழங்களை" என்று அவர்களே மாற்றிவிடுவார்கள்.

வினையெச்சம் அவ்வளவு சுலபமில்லை. கம்போங் குவாந்தான் போய்வந்த ஒரு மாணவன் இப்படி எழுதினான்: "இரவில் படகில் போய் மின்மினிகள் மரங்களில் மின்னின." யார் படகில் போனது? வாக்கியத்தின்படி மின்மினிகள்தான்! 'போய்' என்ற வினைக்கும் 'மின்னின' என்ற வினைக்கும் ஒரே எழுவாய் வேண்டும். இது தொல்காப்பியம் சொல்லும் விதி. இரண்டு வழிகளில் திருத்தலாம். "படகில் போய் மின்மினிகளைப் பார்த்தோம்" என்று முடித்தால் போனதும் பார்த்ததும் நாம். மின்மினிகளையே எழுவாயாக வைக்க ஆசையென்றால், "நாங்கள் படகில் போனபோது மின்மினிகள் மின்னின" என்று எச்சத்தை மாற்ற வேண்டும்.

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ 'கால் வழுக்கி விழுந்தான்' தப்பா, சார்?" நல்ல கேள்வி. வழுக்கியது கால், விழுந்தது அவன். ஆனால் கால் அவனுடைய உறுப்புதானே? உறுப்பின் வினை உடையவன் வினையோடு முடியலாம் என்று அதே இலக்கணம் இடம் கொடுக்கிறது. "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதும் ஒன்று காரணம், மற்றது விளைவு என்பதால் காதில் உறுத்துவதில்லை. உறுத்தாததையெல்லாம் அடித்துத் திருத்தும் மாணவர்களும் உண்டு. அவர்களைத் தடுப்பது தனி வேலை.

சிரிக்க வைக்கும் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். சிரிப்பே வராத வாக்கியங்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கல்வி உதவி கேட்டு ஒரு சங்கத்துக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினாள். "கடந்த மாதம் அடிபட்ட அப்பா வேலைக்குப் போகவில்லை" என்று இருந்தது. கடந்த மாதம் அடிபட்டதா, கடந்த மாதம் மட்டும் போகவில்லையா? படிப்பவர், ஒரு மாதச் சம்பளம்தான் போயிற்று என்று நினைத்துக் கடிதத்தை ஒதுக்கிவிடலாம்.

"எந்த வினைக்குமா 'கடந்த மாதம்'?" என்றேன். பென்சிலை எடுத்து வாக்கியத்தை இரண்டாக வெட்டினாள்: "அப்பாவுக்குக் கடந்த மாதம் காலில் அடிபட்டது. அன்றிலிருந்து இன்றுவரை வேலைக்குப் போகவில்லை."

அப்படியே அனுப்பச் சொன்னேன்.