டீ கிளாஸுக்கு எமோஜி இல்லை

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடையின் அடையாளமாக எவரும் முதலில் சொல்லக்கூடிய பொருள், மேலே நுரை கட்டி நிற்கும் சிறு கண்ணாடிக் கிளாஸ். எமோஜி எனப்படும் சிறு படங்கள் மூவாயிரத்துக்கும் மேல் கைப்பேசியில் குவிந்திருந்தும், அந்தக் கிளாஸுக்கு மட்டும் அவற்றுள் இடம் கிடைக்கவில்லை. ஆகவே, அக்கம்பக்கத்தாருக்காக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘இன்றைய ஆஃபர்’ போடும் கடைக்காரர், ☕, 🍵, 🫖, 🥃 என்னும் நான்கு அயல் பாத்திரங்களுள் ஒன்றைத் தம் கிளாஸுக்குப் பதிலாக நிறுத்த வேண்டியவராகிறார்.

உருவ ஒப்புமையை மட்டும் நோக்கினால் நான்காவதே வெல்லும்: கைப்பிடியில்லாத கண்ணாடி, அதனுள் பழுப்பு நிறப் பானம். ஆனால் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உலகப் பொது எண் வழங்கும் யூனிகோட் தரநிலையில் 2016இல் சேர்ந்த அப்படம் விஸ்கிக்கு உரியதாகவே எங்கும் வழங்குகிறது; பல கைப்பேசிகளில் அதனுள் பனிக்கட்டியும் மிதக்கும். மாலை நேரச் சலுகையோடு அப்படத்தைப் பார்ப்பவர் எதை நினைப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது படமான 🍵, பெரும்பாலான கைப்பேசிகளில் பச்சை நிறப் பானத்தோடு தோன்றுகிறது. ஜப்பானியத் தொலைபேசி நிறுவனங்கள் 1990களின் இறுதியில் தம் வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கிய படத் தொகுதிகளிலிருந்து வளர்ந்ததே எமோஜி என்பதாலும், அவற்றுள் பெரும் பகுதியை யூனிகோட் 2010இல் ஏற்றுக்கொண்டதாலும், பால் சேராத ஜப்பானியப் பச்சைத் தேநீருக்குத் தனிப் படம் வாய்த்தது. பால் விட்டு ஆற்றிய தேநீருக்கு வாய்க்கவில்லை.

எஞ்சுவனவற்றுள் ☕ என்னும் குறியின் வரலாறு நின்று நோக்கத் தக்கது. எமோஜி என்ற வகை யூனிகோடுக்குள் வருவதற்கு முன்பே, 2003இல், சூடான பானத்தைக் குறிக்கும் எளிய கோட்டுச் சின்னமாக அது சேர்க்கப்பட்டது. யூனிகோட் அட்டவணையில் அதன் எண்ணுக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு உண்டு: இடத்திற்கு ஏற்ப இது தேநீராகவோ காப்பியாகவோ கொள்ளப்படும் என்பதும், காத்திருப்பதைக் குறிக்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்பதும் அதன் கருத்து. கணினி ஒரு வேலையை முடிக்கும்வரை காத்திருக்குமாறு பயனருக்குச் சொல்லும் சின்னங்களை மனத்தில் கொண்டே, கைக்கடிகாரத்தோடும் மணற்கடிகாரத்தோடும் இக்கோப்பையையும் இணைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆயினும் எழுத்துத் தரநிலை ஒன்றின் வறண்ட அட்டவணைக்குள், தேநீர்க் கடையின் இயல்பைத் தொடும் இரண்டு உண்மைகள் ஒன்றாக இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஒன்று, கோப்பைக்குள் இருப்பது எது என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை, ஊர் தீர்மானிக்கிறது என்பது. மற்றொன்று, தேநீர் என்பது பெரும்பாலும் வேறொன்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தின் பானம் என்பது: பேருந்துக்காக, பள்ளி விடும் மணிக்காக, மழை ஓய்வதற்காக, கூலி கணக்குப் பார்க்கும் மேஸ்திரிக்காக நிற்பவர்களே மாலை நான்கு மணிக்குக் கடை வாசலில் கிளாஸோடு நிற்கிறார்கள். அவ்வகையில் ☕ உருவத்தால் அயலானதாயினும் பொருளால் கடைக்கு மிக நெருங்கியது.

🫖 என்னும் தேநீர்ச் சாடி 2020இல் யூனிகோடுக்குள் வந்தது. ஆனால் தேநீர் விளம்பரத்தில் அது மிகப் பழைய விருந்தாளி. தேயிலை ஏற்றுமதி மீது 1903 முதல் விதிக்கப்பட்ட தீர்வையின் வருவாயைக் கொண்டு, இந்தியருக்குத் தேநீர்ப் பழக்கத்தை ஊட்டும் பிரசாரம் பல பத்தாண்டுகள் நடைபெற்றது. தேநீர் தயாரிக்கும் முறையைப் படிப்படியாக விளக்கும் விளம்பரப் பலகைகள் ரயில் நிலையங்களில் வட்டார மொழிகளில் வைக்கப்பட்டன. சாடியில் இலையிட்டு, கொதிநீர் ஊற்றி, ஊறவிட்டு, கோப்பையில் வடித்த பின்னரே பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டும் என்பதே அப்பிரசாரத்தின் பாடம். தெருவோரக் கடைகள் தேயிலையை ஏற்றன, சாடியை ஏற்கவில்லை. துணி வடிகட்டியும் பால் பாத்திரமும் உயர்த்தி ஆற்றும் குவளையுமாகத் தமக்கென வேறொரு முறையை அவை அமைத்துக்கொண்டன. தெரு ஒரு முறை வேண்டாமென ஒதுக்கிய பாத்திரத்தை, அந்தத் தெருவின் கடையே தன் அடையாளமாக இடுவது பொருந்தாது.

ஒரு சலுகையை எடுத்துக்கொண்டு பார்த்தால் இத்தேர்வு தெளிவாகும். இஞ்சி டீயும் இரண்டு மெது வடையும் சேர்த்து 30 ரூபாய், மாலை 4 முதல் 6 வரை என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமாகக் காணும் பதிவு இவ்வாறு இருக்கும்:

🎉🔥😍 இன்றைய அதிரடி ஆஃபர் 🫖🫚🍩🍩😋💯 இஞ்சி டீ + 2 மெது வடை ₹30 🕓👉🕕

இதில் முதற்குறை, முன்வரிசையில் நிற்கும் மூன்று படங்களும் துணிக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் அப்படியே பொருந்துவன என்பது. இஞ்சியின் படமான 🫚 2022இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. புதுப்பிக்கப்படாத பழைய கைப்பேசியில் அது வெற்றுச் சதுரமாகவோ கேள்விக்குறியாகவோ தோன்றக்கூடும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வாட்ஸ்அப் தன் சொந்தப் படங்களையே காட்டுவதால், செயலி புதிதாக இருந்தால் உள்ளே இஞ்சி தெரியும். அதே பதிவைத் தனிச் செய்தியாக அனுப்பினால், திரையின் மேல் வரும் அறிவிப்பில் கைப்பேசியின் பழைய எழுத்துருவே பயன்படுவதால் சதுரம் தெரியலாம். கடைக்கு வருபவருள் மிகப் பழைய கைப்பேசி வைத்திருப்பவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. துளையுள்ள 🍩 மெது வடைக்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ வழக்காகிவிட்டது. ஆனால் பல கைப்பேசிகளில் அதன் மேல் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு இருப்பதால், அருகில் ‘வடை’ என்ற சொல் இல்லாமல் அதைத் தனியே விடுதல் கூடாது. கடிகார முகங்களின் முட்கள் சிறு திரையில் பிரித்தறிய முடியாதவை. பார்வைக் குறைபாடுடையோரின் கைப்பேசி ஒவ்வொரு படத்தின் பெயரையும் உரக்க வாசிக்கும் என்பதால், அவர்கள் விலையைக் கேட்பதற்குள் பட்டாசும் நெருப்பும் முகங்களும் வரிசையாக வந்து முடிய வேண்டும்.

திருத்திய வடிவம் இது:

☕ புதன் | இஞ்சி டீ + 2 மெது வடை ₹30 | மாலை 4–6

ஒரே படம், அதுவும் நாள்தோறும் அதே இடத்தில். ஸ்டேட்டஸைக் காண்பவர்கள் கடைக்காரரின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள், அவரும் அவர்கள் எண்ணைச் சேமித்திருப்பார். ஆகையால் படம் அந்நியரை ஈர்க்க வேண்டியதில்லை, விரலால் தள்ளிச் செல்லும் பழகிய வாடிக்கையாளருக்கு ‘இது நம் கடை’ என்று தெரிவித்தால் போதும். அந்தப் பழக்கம் ஊன்றிய பிறகு, இரண்டாவது படத்தை அரிய நாளுக்கென்று ஒதுக்கலாம்: மழை பெய்யும் மாலையில் மட்டும் போடும் பஜ்ஜிக்கு ☕🌧️ என்று இட்டால், மழைப்படம் தோன்றும் நாளே பஜ்ஜி நாள் என்பதைச் சில வாரங்களில் தெரு கற்றுக்கொள்ளும். வேறு நாளில் அழகுக்காக அதை இட்டால் அந்தப் பாடம் குலைந்துவிடும்.

கிழமையின் பெயர் பதிவில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிலைத்திருப்பதால், புதன் மாலை இட்டதை வியாழன் பிற்பகல் பார்ப்பவர் நேற்றைய விலையைக் கேட்டு வந்து நிற்கக்கூடும். வடை ஐந்தரைக்கே தீர்ந்துவிட்டால் ஆறு மணிவரை காத்திராமல் அப்போதே பதிவை நீக்கிவிடுவது நல்லது.