திண்ணை இல்லாத வீட்டில் மச்சான்

எங்க அப்பா காலத்து வீட்டுல, வந்தவங்க எங்க படுக்கிறதுன்னு ஒருத்தரும் யோசிச்சது கிடையாது. தெருவைப் பார்த்து ஒரு திண்ணை. ஆம்பளை விருந்தாளி யாரா இருந்தாலும் ஒரு கோரைப்பாய், ஒரு தலகாணி, ஒரு சொம்புத் தண்ணி, திண்ணையில படுக்கை. அவர் மூணு நாள் இருந்தாலும் சரி, மூணு மாசம் இருந்தாலும் சரி, ராத்திரி நிலைக்கதவைச் சாத்தினா உள்ளே இருக்கிறது புருஷன் பொண்டாட்டி குடும்பம், வெளியே இருக்கிறது விருந்தாளி. யாரும் யாரையும் அவமானப்படுத்தினதா ஆகாது. கொல்லைக்குப் போறதுக்கும் அவர் வீட்டுக்குள்ள வரவேண்டியதில்லை. காவிரி பக்கத்துலயே இருக்கு, குளியலும் அங்கதான்.

தொட்டியத்தைச் சுத்தி இப்போ திண்ணை வச்ச வீடு தேடிப் பார்த்தாத்தான் உண்டு. எங்களுது பசுமை வீடு. 2011-ல ஜெயலலிதா அம்மா ஆட்சியில ஆரம்பிச்ச திட்டம். 300 சதுர அடி. அதுக்குள்ள ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஒரு அடுப்படி, ஒரு கக்கூஸ், முன்னாடி சின்னதா ஒரு வராண்டா. சூரிய ஒளியில எரியுற விளக்கும் கொடுத்தாங்க. மழைக்கு ஒழுகாத வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த வராண்டாவுல ஒரு சைக்கிளை நிறுத்தினா ஆள் படுக்க முடியாது. வந்தவர் ஹாலில்தான் படுக்கணும். எங்க படுக்கை அறைக் கதவு அந்த ஹாலுக்குத்தான் திறக்கும். கக்கூசுக்குப் போற வழியும் அதுதான்.

2020 மார்ச் கடைசியில, ஊரடங்கு போட்ட மறு வாரம், என் மச்சான் திருப்பூரிலிருந்து வந்தான். என் வீட்டுக்காரியோட கூடப்பிறந்த தம்பி. பனியன் கம்பெனியில டெய்லர். கம்பெனியை மூடிட்டாங்க. அவன் சம்சாரம் அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பிள்ளைகளைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தா, அது வேற கதை. ஒருத்தர் பைக் பின்னாடி உட்கார்ந்து, வழியில நாலு இடத்துல போலீஸ் மறிச்சு, ராத்திரி பத்து மணிக்கு வந்து சேர்ந்தான். "மாமா, ஒரு பத்து நாளு" என்றான். பத்து மாசத்துக்கு மேல ஆச்சு.

நகரத்துல இருக்கிறவங்க "கிளம்புப்பான்னு சொல்ல வேண்டியதுதானே" என்பீங்க. அதை என் தம்பியா இருந்தா நான் சொல்லியிருப்பேன். பொண்டாட்டியோட தம்பின்னா கணக்கே வேற. என் மகளுக்குக் காது குத்தும்போது மடியில உட்கார வச்சிருந்தவன் அவன். அவ பெரியவளானப்போ தாய்மாமன் சீர் கொண்டு வந்து குடிசை கட்டினவன் அவன். மாமனார் மாமியார் ரெண்டு பேரும் காலமாகி, குளித்தலைப் பக்கம் இருந்த அவங்க வீடும் கை மாறிப் போச்சு. அவனுக்கு இப்போ பிறந்த வீடுன்னா அக்கா வீடுதான். அக்காவுக்கும் பிறந்த வீட்டு மிச்சம்னா அவன் ஒருத்தன்தான். நான் அவனைப் போகச் சொன்னா, அவளோட பிறந்த வீட்டையே வெளியே போகச் சொன்ன மாதிரி. இந்த ஊர்ல அந்தப் பேச்சு நான் சாகிற வரைக்கும் நிக்கும்.

அவன் கெட்டவனும் இல்லை. காலையில எனக்கு முன்னாடி எழுந்து வாழைக்குத் தண்ணி மாறுவான், தார் கனத்த மரத்துக்கு முட்டுக் கொடுப்பான். குடி கிடையாது. அதனாலேயே சிக்கல் அதிகம். சண்டைக்காரனா இருந்தா காரணம் கிடைச்சிருக்கும்.

முதல்ல போனது கதவு. பங்குனி வெயில், படுக்கை அறையில இருக்கிற ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கு, அதனால கதவைத் திறந்துதான் வச்சிருப்போம். முன்னெல்லாம் அது ஒரு பொருட்டே இல்லை. மகளைக் கரூர்ல கட்டிக் கொடுத்தாச்சு, பையன் சென்னையில வேலை. கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அப்பத்தான் வீட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும்னு ஆகியிருந்தது. தம்பி வந்த நாலாம் நாள் நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன். "வேணாங்க. தம்பி படுத்திருக்கான், கதவைச் சாத்தினா என்ன நெனப்பான்" என்றாள். அவன் ஒண்ணும் நினைக்க மாட்டான்தான். கூச்சம் அவனுக்கில்லை, அக்காவுக்கு. தூக்கி வளர்த்த தம்பி பத்தடி தள்ளிப் படுத்திருக்கும்போது புருஷனோட தாழ்ப்பாள் போட்டுக்க எங்க ஊர்ப் பொம்பளையால முடியாது. ஒரு வாரத்துல நான் பாயை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். காத்து வாங்கப் போறதா சொல்லிக்கிட்டேன்.

அடுத்தது பேச்சு போச்சு. பட்டணத்துல தனிமைன்னா படுக்கை அறைன்னு நினைக்கிறீங்க. அம்பது வயசுக்கு மேல எங்களுக்கு அது பெரும்பாலும் பேச்சுதான். விளக்கை அணைச்சதுக்கப்புறம் ஒரு அரை மணி நேரம், உரத்துக்கு எவ்வளவு பாக்கி, மக வீட்டுல மாமியார் என்ன சொன்னா, எந்த நகையைத் திருப்பணும், எந்த நகை இன்னும் கொஞ்ச நாள் சொசைட்டியிலேயே கிடக்கட்டும். அந்த வருஷம் பேச வேண்டியது நிறைய இருந்தது. ஏத்தி விட லாரி இல்லை, சந்தை இல்லை, பூவன் தார் மரத்துலேயே பழுத்து உதிர்ந்தது. எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர்தான். ஆனா மச்சானை வச்சுக்கிட்டு காசில்லைன்னு எப்படிப் பேசறது? அவன் சாப்பிடுற சோத்தைச் சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடும். அதனால அவன் முன்னாடி எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி நடிச்சோம். அப்புறம் அவன் இல்லாதப்பவும் அதே பழக்கம் வந்துடுச்சு.

இது முத்திப் போச்சுன்னு எதுல தெரியும்னு கேட்டா நான் சொல்றது இதுதான். வயல்ல இருந்துகிட்டு வீட்டுல இருக்கிற பொண்டாட்டிக்குப் போன் போட்டு குடும்ப விஷயம் பேச ஆரம்பிச்சிருப்பீங்க. அந்தப் பக்கம் அவ "ம்... சரி... அப்புறம்" என்று மட்டும் சொல்லிக்கிட்டிருப்பா. எங்களுக்கு ஏப்ரல் பாதியிலேயே அது ஆரம்பிச்சுடுச்சு.

எங்களைக் காப்பாத்தினது மோட்டார் கொட்டாய். எங்க பக்கம் அப்போ மும்முனை கரண்ட் முறை வச்சுத்தான் வரும், ஒரு வாரம் பகல்னா ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி முறைக்கு நான் தனியாத்தான் போவேன். அந்த ஜூன் மாசம் "நானும் வரேன்" என்று டார்ச்சை எடுத்துக்கிட்டு அவளும் கிளம்பினா. மச்சான் எழுந்து "நான் போறேன் மாமா, அக்கா தூங்கட்டும்" என்றான். "நீ படுடா" என்றாள், கொஞ்சம் சத்தமாவே. வரப்புல போகும்போது அடுத்த தோட்டத்துக்காரர் பார்த்துட்டு, இந்த வயசுலயான்னு சிரிச்சார். சிரிக்கட்டும்னு விட்டுட்டோம்.

மோட்டார் ஓடுற சத்தத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசினாதான் கேக்கும். அன்னைக்குத்தான் சொன்னா, ரெண்டரை மாசமா தீட்டு நிக்கவே இல்லை, மாடிப்படி ஏறினா கண்ணைக் கட்டுதுன்னு. வீட்டுல துணி அலசிக் காயப்போடக்கூட தம்பி வெளியே போற நேரம் பார்த்துத்தான் செஞ்சிருக்கா. ஒரே கக்கூசு, அதுக்குப் போற வழியில அவன். மறுநாள் முசிறிக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில கட்டி. ரத்தம் 7 கிராமுக்கு இறங்கியிருந்தது. மருந்து, ரத்தம் ஏத்தினது, அப்புறம் திருச்சியில ஆபரேஷன், அதெல்லாம் தனியா எழுதறேன். இங்க சொல்ல வந்தது, அவ வாயில்லாதவ கிடையாது. ஆனா 300 சதுர அடியில அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு இடம் அவளுக்குக் கிடைக்கலை.

தம்பிக்கிட்ட அவளே பேசினா. நான் பேசியிருந்தா அது விரட்டுறது. அவ பேசினா அது வீட்டு ஏற்பாடு. போறியான்னு கேக்கவே இல்லை. "ஆடிக்குள்ள உனக்குன்னு ஒரு இடம் போட்டுடலாம்டா, மழை பிடிச்சா ஹாலு பத்தாது" என்றாள். அவன் தலையை ஆட்டிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே போய்த் தன்கிட்ட இருந்த 12,000 ரூபாயைக் கொண்டு வந்து வச்சான். அந்தப் பணம் வாங்கினது நல்லதாப் போச்சு. அதுக்கப்புறம் அந்த இடத்துல அவன் விருந்தாளியா இல்லை.

பழைய மாட்டுக் கொட்டாய் இருந்த இடத்துல பத்துக்குப் பத்து. இடுப்பு உயரத்துக்கு ஹாலோ பிளாக், மேலே தட்டி, கூரைக்கு சிமெண்ட் ஷீட்டு. ஒரு ஃபேன், ஒரு பல்பு. வெளியே தகரம் அடிச்சு குளிக்க ஒரு மறைப்பு, அதை ஒட்டி கக்கூசு. எல்லாம் சேர்த்து 38,000 ஆச்சு. இதுல முக்கியம் வாசல். கொத்தனார் எங்க வீட்டைப் பார்த்து வாசல் வைக்கலாம், நடக்கச் சுருக்கம்னு சொன்னார். நான் தெருவைப் பார்த்து வைக்கச் சொன்னேன். எங்களைத் தாண்டாம அவன் வரணும், போகணும். அவனைத் தேடி வர்றவங்களும் அப்படியே.

சுவர் எழும்பின உடனே எல்லாம் சரியாயிடலை. ஆவணியில அங்க படுக்கப் போனான், ஆனா ராத்திரி பத்தரை வரைக்கும் எங்க ஹால்லதான் உட்கார்ந்து டிவி பார்த்தான். இவ சோறு, டீ, சுடுதண்ணின்னு நாளைக்கு ஆறு தடவை அங்க நடந்தா. ஆபரேஷன் ஆன உடம்பு வேற. ஒரு ஞாயித்துக்கிழமை நான் டிவியைத் தூக்கிக்கிட்டுப் போய் அவன் ரூம்ல வச்சுட்டேன். "உனக்குத்தான் மாப்ள பொழுது போகல" என்றேன். ரெண்டு வாரம் கழிச்சு அவனே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக் காலை டீயைத் தானே போட்டுக்க ஆரம்பிச்சான். மதியச் சோறு மட்டும் எங்ககூட.

தெருவுல பேச்சு வராம இல்லை. மச்சானை மாட்டுக் கொட்டாயில தள்ளிட்டான்னு ரெண்டு பேர் சொன்னாங்க. அதுக்கு அவளே குழாயடியில பதில் சொல்லிட்டா, "ஏன், உங்க வீட்டுத் திண்ணையில படுக்காதவங்க யாரு?" என்று. சொன்னவங்க வீட்டுல ஒரு காலத்துல பெரிய திண்ணை இருந்தது. அதை இடிச்சுத்தான் கடை கட்டியிருக்காங்க.

கதவைச் சாத்துறதுக்கு இவளுக்கு இன்னும் ஒரு மாசம் பிடிச்சது. வெளியே யாரும் படுத்திருக்கலைன்னு மனசுக்குத் தெரியணுமே. நான் மொட்டை மாடியிலிருந்து புரட்டாசி மழைக்குத்தான் கீழே இறங்கினேன்.

2021 பிப்ரவரியில அவன் பழைய கம்பெனிக்காரர் ஒருத்தர் கூப்பிட்டார்னு திருப்பூர் திரும்பிட்டான். சம்சாரம், பிள்ளைங்களும் அடுத்த வருஷம் சேர்ந்துட்டாங்க. இப்பவும் பங்குனியில மதுரைக்காளியம்மன் தேருக்குத் தோள் கொடுக்க நாலு நாள் வருவான். வந்ததும் பையை நேரா அந்த ரூம்ல வைக்கிறான். மத்த நாள்ல அங்க உர மூட்டையும், வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கழியும் கிடக்கும். அவன் வர்றதுக்கு முந்தின நாள் நாங்க ரெண்டு பேரும் அதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக் கூட்டி வைப்போம்.